எழுதுவதா, நகர்த்துவதா: 0, 1, 2 மட்டுமுள்ள அணியைப் பிரிக்கும் வழிகளுள் எதைத் தேர்வது

0, 1, 2 என்ற மூன்று மதிப்புகள் மட்டுமே கலந்து கிடக்கும் ஓர் அணியில் எல்லா 0-களையும் முன்னும், 1-களை நடுவிலும், 2-களைக் கடைசியிலும் கொண்டுவர வேண்டும் என்பது நிரலாக்கம் கற்போர் பெரும்பாலும் சந்திக்கும் ஒரு கணக்கு. லீட்கோடு தளத்தில் இது 75-ஆம் கணக்காக இருக்கிறது. வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் இதைக் கேட்டால், அணியை ஒரே முறை கடந்து மூன்று சுட்டிகளைக் கொண்டு தீர்க்கும் விடையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். அதனாலேயே "ஒரே கடப்பு" என்பதுதான் அந்த முறையின் சிறப்பு என்றும், இரண்டு முறை கடக்கும் எண்ணல் முறை அதைவிடத் தாழ்ந்தது என்றும் பலர் மனத்தில் பதிந்துவிட்டது. இந்தக் கட்டுரை அந்த எண்ணத்தை ஏற்கவில்லை. மூன்று சுட்டி முறையைத் தேர்வதற்கு நல்ல காரணங்கள் உண்டு, ஆனால் கடப்புகளின் எண்ணிக்கை அவற்றுள் மிகவும் வலுக்குறைந்தது.

முதலில் மூன்று சுட்டி முறை என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகப் பார்த்துவிடலாம், ஏனெனில் ஒப்பிடுவதற்கு அதன் உள்ளமைப்பு தெரிந்திருக்க வேண்டும்.

```python
def flag(a):
    low, mid, high = 0, 0, len(a) - 1
    while mid <= high:
        if a[mid] == 0:
            a[low], a[mid] = a[mid], a[low]
            low += 1
            mid += 1
        elif a[mid] == 1:
            mid += 1
        else:
            a[mid], a[high] = a[high], a[mid]
            high -= 1
```

`low`, `mid`, `high` ஆகிய மூன்றும் அணியை எப்போதும் நான்கு பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. `low`-க்கு முன்னுள்ளவை எல்லாம் 0. `low` முதல் `mid`-க்கு முந்தைய இடம் வரை உள்ளவை எல்லாம் 1. `high`-க்குப் பின்னுள்ளவை எல்லாம் 2. `mid` முதல் `high` வரை, இரு முனைகளும் உட்பட, உள்ளவை இன்னும் பார்க்கப்படாதவை. இந்தக் கூற்றுதான் மடக்கின் மாற்றமிலி. ஒவ்வொரு சுற்றிலும் `mid`-இல் உள்ள ஓர் உறுப்பு சோதிக்கப்பட்டு, பார்க்கப்படாத பகுதி சரியாக ஓரிடம் சுருங்குகிறது. ஆகவே n உறுப்புகளுக்கு n சுற்றுகள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

`2 0 1 2 1 0 0 2` என்ற எட்டு உறுப்புகள் கொண்ட அணியை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் `low` = 0, `mid` = 0, `high` = 7. முதல் இடத்தில் 2 இருப்பதால் அது ஏழாம் சுட்டெண்ணில் உள்ளதோடு இடம் மாறுகிறது. அங்கும் 2 இருப்பதால் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது, ஆனால் `high` 6 ஆகிவிடுகிறது. `mid` நகரவில்லை. அங்கே மீண்டும் 2 இருக்கிறது, அது ஆறாம் சுட்டெண்ணில் உள்ள 0-வோடு இடம் மாறி, அணி `0 0 1 2 1 0 2 2` ஆகிறது, `high` 5. இப்போது `mid`-இல் 0, அது தன்னோடு தானே இடம் மாறி `low`, `mid` இரண்டும் 1 ஆகின்றன. அடுத்ததும் 0, இரண்டும் 2 ஆகின்றன. அடுத்து 1, `mid` மட்டும் 3 ஆகிறது. அங்கே 2, ஐந்தாம் சுட்டெண்ணில் உள்ள 0-வோடு இடம் மாறி `0 0 1 0 1 2 2 2`, `high` 4. இப்போது `mid`-இல் வந்துள்ள 0 இரண்டாம் சுட்டெண்ணில் உள்ள 1-ஓடு இடம் மாறி `0 0 0 1 1 2 2 2`, `low` 3, `mid` 4. கடைசியாக நான்காம் சுட்டெண்ணில் 1, `mid` 5 ஆகி `high`-ஐத் தாண்டியதும் மடக்கு முடிகிறது. மொத்தம் எட்டுச் சுற்றுகள்.

இந்த நிரலில் பிழை நுழையும் இடங்கள் இரண்டு. 0 வரும்போது `mid` முன்னேறுகிறது, 2 வரும்போது முன்னேறுவதில்லை. `low`-இலிருந்து `mid`-க்கு வருவது ஏற்கெனவே பார்க்கப்பட்ட 1 ஆகத்தான் இருக்க முடியும், அல்லது `low`, `mid` இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் அந்த 0 மட்டுமே. `high`-இலிருந்து வருவதோ இதுவரை யாரும் பார்க்காத உறுப்பு. அதைச் சோதிக்காமல் `mid`-ஐ நகர்த்தினால் மேற்கண்ட அணி `0 0 1 0 1 2 2 2` என்று முடியும். நடுவில் ஒரு 0 சிக்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். இரண்டாவது பிழை, `mid <= high` என்பதற்குப் பதிலாக `mid < high` என்று எழுதிவிடுவது. இது கொஞ்சம் வஞ்சகமானது. மேற்கண்ட எட்டு உறுப்பு அணியில் கடைசியாகப் பார்க்க வேண்டிய உறுப்பு தற்செயலாக 1 என்பதால், பிழையான நிரலும் சரியான விடையையே தரும். `1 0` என்ற இரண்டே உறுப்புகளைக் கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும், ஏனெனில் அந்த 0 கடைசிவரை சோதிக்கப்படாமலேயே நின்றுவிடும்.

இனி இதற்கு எதிராக நிற்கும் எண்ணல் முறையைப் பார்ப்போம். அதன் எளிமைக்கு முன் விளக்கமே தேவையில்லை.

```python
def count_fill(a):
    c = [0, 0, 0]
    for x in a:
        c[x] += 1
    k = 0
    for v in range(3):
        for _ in range(c[v]):
            a[k] = v
            k += 1
```

முதல் கடப்பில் எத்தனை 0, எத்தனை 1, எத்தனை 2 என்று எண்ணுகிறோம், இரண்டாவது கடப்பில் அந்த எண்ணிக்கைப்படி அணியைப் புதிதாக எழுதிவிடுகிறோம். கூடுதல் நினைவகம் மூன்று எண்கள் மட்டுமே. நேரமும் `O(n)`. "இரண்டு கடப்பு" என்ற குறை மட்டும் இதன்மேல் சொல்லப்படுகிறது.

அந்தக் குறை உண்மையில் எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பார்க்கலாம். 9 லட்சம் உறுப்புகள் உள்ள ஓர் அணியில் மூன்று மதிப்புகளும் சமமாக, தலா 3 லட்சம் இருப்பதாகக் கொள்வோம். எண்ணல் முறை அணியிலிருந்து 9 லட்சம் முறை படிக்கிறது, அணிக்குள் 9 லட்சம் முறை எழுதுகிறது. ஆக 18 லட்சம் தொடுகைகள். மூன்று சுட்டி முறையில் ஒவ்வொரு 0-க்கும் ஓர் இடமாற்றம், ஒவ்வொரு 2-க்கும் ஓர் இடமாற்றம், 1-க்கு ஒன்றும் இல்லை. ஆகவே 6 லட்சம் இடமாற்றங்கள். `mid`-ஐச் சோதிக்க 9 லட்சம் படிப்புகள், இடமாற்றத்தின் மறுமுனையைப் படிக்க இன்னும் 6 லட்சம், ஒவ்வோர் இடமாற்றத்திலும் இரண்டு எழுத்துகள் என்று 12 லட்சம் எழுத்துகள். மொத்தம் 27 லட்சம். ஒரே முறை கடக்கும் முறை, இரண்டு முறை கடக்கும் முறையைவிட ஒன்றரை மடங்கு அதிகமாக அணியைத் தொடுகிறது. கடப்பு என்பது மடக்குகளின் எண்ணிக்கை, வேலையின் அளவு அன்று.

இதற்கு மேல் வன்பொருள் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. மூன்று சுட்டி முறையில் ஒவ்வொரு சுற்றும் உறுப்பின் மதிப்பைப் பொறுத்து மூன்று வழிகளுள் ஒன்றில் கிளைக்கிறது. மதிப்புகள் ஒழுங்கின்றிக் கலந்திருந்தால், எந்தக் கிளை வரும் என்று செயலி முன்கூட்டி ஊகிப்பது அடிக்கடி தவறிப்போகும், ஒவ்வொரு தவறுக்கும் பாதி செய்த வேலையைத் தூக்கியெறிந்துவிட்டுத் திரும்ப வர வேண்டியிருக்கும். எண்ணல் முறையில் மதிப்பு நேராக `c`-இன் சுட்டெண்ணாகப் போய்விடுவதால் அப்படிப்பட்ட கிளை இல்லை. பைத்தான் போன்ற மொழியில் இந்த வேறுபாடு இன்னும் கூடும். `a.count(0)`, `a.count(1)` என்று உள்ளமைந்த செயற்கூறுகளைக் கொண்டு எண்ணினால் அந்த மடக்கு மொழிபெயர்ப்பானுக்கு உள்ளே, சி மொழியில் ஓடுகிறது. கையால் எழுதிய மூன்று சுட்டி மடக்கோ ஒவ்வோர் அடியையும் பைத்தானிலேயே நடக்க வேண்டும். இத்தகைய மொழியில் வெறும் எண்களைப் பிரிக்க `a.sort()` என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதைக்கூட நான் குறையாகக் கருத மாட்டேன்.

ஆக, அணியில் இருப்பவை வெறும் எண்களே என்றால் தேர்வு எளிது: எண்ணி எழுதுவதே போதும், அதுவே பெரும்பாலும் மேல். தவறான மதிப்பு உள்ளே நுழைந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் ஒருமுறை யோசித்துவிட வேண்டும். 3 என்ற மதிப்பு வந்தால் எண்ணல் முறையில் `c[3]` இல்லாததால் நிரல் பிழை சொல்லி நிற்கும், அது நல்லதே. ஆனால் -1 வந்தால் பைத்தானில் `c[-1]` என்பது கடைசி உறுப்பைக் குறிப்பதால், அது ஓசையில்லாமல் ஒரு 2 ஆக எண்ணப்பட்டு, எழுதும்போது 2 ஆகவே மாறிவிடும். மூன்று சுட்டி முறையில் `else` கிளை 0-வும் 1-உம் அல்லாத எல்லாவற்றையும் வலப்பக்கம் தள்ளிவிடும். அங்கே மதிப்பு அழிவதில்லை, ஆனால் பிழையும் வெளியே தெரிவதில்லை.

எழுத முடியாத பொருள்கள்

தேர்வு உண்மையில் மாறும் இடம் வேறு. எண்ணல் முறையின் இரண்டாவது கடப்பு பழைய உறுப்புகளை நகர்த்துவதில்லை, அவற்றை அழித்துவிட்டுப் புதியவற்றை உருவாக்குகிறது. 0 என்ற எண்ணுக்குப் பதில் இன்னொரு 0-வை எழுதினால் எந்த இழப்பும் இல்லை. ஆனால் 0 என்பது ஒரு மனுவின் நிலையாகவும், அந்த மனுவோடு பெயரும் தேதியும் கோரிக்கையும் சேர்ந்தும் இருந்தால், அதை அழித்து எழுத முடியாது. இருப்பதை எடுத்து வேறிடத்தில் வைக்கத்தான் முடியும்.

இந்தக் கணக்கை அறிமுகப்படுத்திய எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1976-இல் அதை அமைத்த விதமே இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. வரிசையாக வாளிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களுள் ஒன்றில் ஒரு கூழாங்கல். நெதர்லாந்துக் கொடியின் நிற வரிசைப்படி அவை அடுக்கப்பட வேண்டும், அதனால்தான் இது டச்சு தேசியக் கொடிக் கணக்கு என்று பெயர் பெற்றது. அனுமதிக்கப்பட்ட செயல்கள் இரண்டே: ஒரு வாளியில் உள்ள கல்லின் நிறத்தைப் பார்ப்பது, இரண்டு வாளிகளின் கற்களை இடம் மாற்றுவது. ஒவ்வொரு கல்லின் நிறத்தையும் ஒரு முறைக்கு மேல் பார்க்கக் கூடாது. கல்லுக்கு வேறு வண்ணம் பூச வழியே இல்லை என்பதால், எண்ணி எழுதும் முறை அந்தக் கணக்கில் பிறக்கவே முடியாது. 0, 1, 2 என்று சுருக்கி எழுதப்பட்ட இன்றைய வடிவம் அந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டுவிட்டு விடையை மட்டும் வைத்துக்கொண்டது. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

எனவே முதலில் கேட்க வேண்டியது "எத்தனை கடப்பு" என்பதன்று, "இந்த உறுப்பை நான் புதிதாக எழுத முடியுமா, நகர்த்த மட்டும்தான் முடியுமா" என்பதே. நகர்த்த மட்டும்தான் முடியும் என்றால் எண்ணல் முறை இந்த வடிவில் போட்டியிலிருந்து விலகிவிடுகிறது. அப்போது அடுத்த கேள்வி வருகிறது: ஒரே நிலையில் உள்ள உறுப்புகளின் பழைய வரிசை காக்கப்பட வேண்டுமா?

மேலே பார்த்த அதே அணியை எட்டு மனுக்களாகக் கொள்வோம். 0 என்பது அவசரம், 1 என்பது சாதாரணம், 2 என்பது முடிந்தது. வந்த வரிசைப்படி மனுக்களுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுத்தால், 2, 6, 7 ஆகியவை அவசரம், 3, 5 சாதாரணம், 1, 4, 8 முடிந்தவை. மூன்று சுட்டி முறை செய்த அதே இடமாற்றங்களை இந்த எண்களோடு நடத்திப் பார்த்தால் கடைசியில் கிடைக்கும் வரிசை 7, 2, 6, 3, 5, 4, 8, 1. நிலைகள் சரியாகப் பிரிந்துவிட்டன. ஆனால் மூன்று அவசர மனுக்களுள் கடைசியாக வந்த 7-ஆம் மனு முதலிடத்தில் நிற்கிறது. அணியின் கடைப்பகுதியிலிருந்து இழுத்து வரப்பட்டது முன்னே போய்விட்டதால் நேர்ந்தது இது. முதலில் வந்தவருக்கு முதலில் பதில் என்று இயங்கும் ஓர் அலுவலகத்தில் இது அழகுக் குறை அன்று, தவறான விடை. சாதாரண மனுக்கள் 3, 5 என்று வரிசை குலையாமல் நிற்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது இந்த எடுத்துக்காட்டில் அமைந்த தற்செயல். இரண்டு 1-களுக்குப் பின் ஒரு 0 வந்தாலே அந்த 1-களின் வரிசை தலைகீழாகிவிடும்.

எல்லா நிலைகளிலும் வந்த வரிசை காக்கப்பட வேண்டும் என்றால் மிக எளிய வழி மூன்று தனிப் பட்டியல்களில் போட்டு ஒன்றாகச் சேர்ப்பது, அல்லது மொழியோடு வரும் நிலைத்த வரிசையாக்கத்தைப் பயன்படுத்துவது. பைத்தானின் `sort`, ஜாவாவில் பொருள்களுக்கான `Arrays.sort`, சி++ மொழியின் `std::stable_sort` ஆகியவை சம மதிப்புள்ளவற்றின் வரிசையைக் காக்கும். `std::sort` அந்த உறுதியைத் தராது. தனிப் பட்டியல் முறைக்கு n அளவு கூடுதல் நினைவகம் வேண்டும், ஆனால் பைத்தானிலும் ஜாவாவிலும் அது மனுவின் முழுப் பிரதி அன்று, மனு இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டு மட்டுமே. பத்தாயிரம் மனுக்களுக்கு இந்தச் செலவைப் பற்றிக் கவலைப்படுவது வீண். இந்த முறையில் கிடைப்பது 2, 6, 7, 3, 5, 1, 4, 8.

இடமிருந்து வலம் மட்டும் செல்லும் இன்னொரு மூன்று சுட்டி முறை

இந்த இரண்டுக்கும் இடையில் அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. அதிலும் மூன்று சுட்டிகள்தாம், அதுவும் ஒரே கடப்புதான், கூடுதல் நினைவகமும் இல்லை. ஆனால் மூன்று சுட்டிகளும் இடமிருந்து வலமாகவே நகர்கின்றன, எதுவும் கடைசியிலிருந்து பின்னோக்கி வருவதில்லை.

```python
def one_way(a, level):
    p0 = p1 = 0
    for k in range(len(a)):
        r = a[k]
        v = level(r)
        if v == 2:
            continue
        a[k] = a[p1]
        if v == 0:
            a[p1] = a[p0]
            a[p0] = r
            p0 += 1
        else:
            a[p1] = r
        p1 += 1
```

இங்கே `p0`-க்கு முன்னுள்ளவை 0, `p0` முதல் `p1`-க்கு முன்வரை 1, `p1` முதல் `k`-க்கு முன்வரை 2. பார்க்கப்படாத பகுதி நடுவில் இல்லை, வலக்கோடியில் இருக்கிறது. புதிதாக வரும் உறுப்பு 2 என்றால் அது ஏற்கெனவே தன் இடத்தில் இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம். 1 என்றால் முதல் 2-ஐ `k`-க்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது அமர்கிறது. 0 என்றால் முதல் 2 `k`-க்கும், முதல் 1 அந்த 2 இருந்த இடத்துக்கும், புதிய 0 அந்த 1 இருந்த இடத்துக்கும் என மூவரும் சுழற்சியாக இடம் மாறுகிறார்கள். 1-களோ 2-களோ இன்னும் வராத நிலையிலும் இந்த எழுத்து வரிசை பிசகாமல் நடக்கும். `p0`, `p1`, `k` ஆகியவற்றுள் எவை ஒன்றாக நின்றாலும் ஒரு முறை கையால் நடத்திப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

அதே எட்டு மனுக்களை இதில் செலுத்தினால் அணியின் முன்பகுதி இப்படி வளர்கிறது. முதல் மனு அப்படியே நிற்கிறது. இரண்டாவது அவசரம், அது முன்னே போக `2, 1`. மூன்றாவது சாதாரணம், `2, 3, 1`. நான்காவது முடிந்தது, கடைசியில் நிற்கிறது. ஐந்தாவது வந்ததும் `2, 3, 5, 4, 1`. ஆறாவது அவசரம் என்பதால் 4-ஆம் மனு கடைசிக்கும், 3-ஆம் மனு 4 இருந்த இடத்துக்கும் நகர்ந்து `2, 6, 5, 3, 1, 4`. ஏழாவது வந்ததும் `2, 6, 7, 3, 5, 4, 1`. எட்டாவது கடைசியில் சேர, முடிவு `2, 6, 7, 3, 5, 4, 1, 8`.

அவசர மனுக்கள் 2, 6, 7 என்று வந்த வரிசையிலேயே நிற்பதைக் கவனிக்க வேண்டும். இது தற்செயல் அன்று. 0 பகுதியின் இறுதியில்தான் ஒவ்வொரு புதிய 0-வும் சேர்கிறது, சேர்ந்தபின் அந்தப் பகுதியை யாரும் தொடுவதில்லை. 1, 2 பகுதிகளில் முதல் உறுப்பு கடைசிக்குச் சுழல்வதால் அவற்றின் வரிசை குலையும். ஐந்தாவது மனு வந்தபின் 3, 5 என்று இருந்தது, ஆறாவது வந்ததும் 5, 3 ஆகி, ஏழாவது வந்ததும் மறுபடி 3, 5 ஆனது. முடிந்த மனுக்களோ 4, 1, 8 என்று நிற்கின்றன. ஆனால் முடிந்துபோன மனுக்களின் வரிசை யாருக்கு வேண்டும்? அவசரப் பகுதியின் வரிசை மட்டும் காக்கப்பட்டால் போதும், சாதாரண மனுக்களில் முன்பின் ஆனாலும் தகும் என்ற சூழலில், கூடுதல் நினைவகம் எதுவும் இன்றி இந்த முறை அதைத் தந்துவிடுகிறது. முதலில் பார்த்த மூன்று சுட்டி முறையாகிய டச்சுக் கொடி முறையால் அதைத் தர முடியாது.

செலவிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு, அது எந்த மதிப்பு மிகுதி என்பதைப் பொறுத்தது. கொடி முறையில் 0-வும் 2-உம் ஒவ்வோர் இடமாற்றம் கேட்கும், அதாவது இரண்டு எழுத்துகள், 1 இலவசம். ஒருவழி முறையில் 0-க்கு மூன்று எழுத்துகள், 1-க்கு இரண்டு, 2 இலவசம். மூன்றும் சமமாக உள்ள 9 லட்சம் உறுப்புகளுக்குக் கொடி முறை 12 லட்சம் எழுத்துகளையும் ஒருவழி முறை 15 லட்சம் எழுத்துகளையும் செய்யும் என்பதால் கொடி முறைக்கே சாதகம். ஆனால் மனுக்கள் எப்போதும் சமமாகப் பிரிந்திருப்பதில்லை. ஒரு பட்டியலில் 10,000 மனுக்கள், அவற்றுள் 9,000 முடிந்தவை, 700 சாதாரணம், 300 அவசரம் என்றால், கொடி முறை 9,300 இடமாற்றங்களை, அதாவது 18,600 எழுத்துகளைச் செய்யும். அவற்றுள் பெரும்பாலானவை ஒரு 2-ஐ எடுத்து இன்னொரு 2-ஓடு மாற்றும் வீண் வேலை. ஒருவழி முறை 300-க்கு 900, 700-க்கு 1,400 என்று 2,300 எழுத்துகளில் முடித்துவிடும். மாறாக, நடுமதிப்பாகிய 1-தான் மிகுதி என்றால் கொடி முறைக்கு நிகர் இல்லை.

கொடி முறையை விடாமல் பிடித்துக்கொள்ள விரும்புவோர், இடமாற்றத்துக்கு முன் `a[high]` 2 ஆக இருக்கும் வரை `high`-ஐக் குறைத்துக்கொண்டே வரும் ஒரு சிறு மடக்கைச் சேர்ப்பது உண்டு. 2-ஐ 2-ஓடு மாற்றும் வீண் வேலையை அது நீக்கும். ஆனால் அங்கே நின்ற உறுப்பு `mid`-க்கு வந்ததும் மறுபடி சோதிக்கப்படும், எனவே ஒவ்வொரு கல்லையும் ஒரு முறை மட்டுமே பார்ப்பது என்ற பழைய நிபந்தனை அங்கே உடைகிறது. நிலையைப் படிப்பது மலிவு, உறுப்பை நகர்த்துவது செலவு என்றால் இந்தப் பரிமாற்றம் தகும். இல்லையென்றால் மடக்கு ஒன்று கூடி, பிழைக்கு இன்னோர் இடம் திறந்ததுதான் மிச்சம்.

இன்னும் ஒரு வேறுபாடு. கொடி முறைக்குத் தொடங்கும்போதே அணியின் முடிவு தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் `high` அங்கிருந்துதான் புறப்படுகிறது. மனுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் அணியில் அது பொருந்தாது. ஒருவழி முறையில் எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் அதுவரை வந்தவை பிரிந்தே நிற்கும், அடுத்து வருவதை அதே வரிகளால் சேர்த்துக்கொள்ளலாம்.

கொடி முறை தவிர்க்க முடியாத இடம்

இவ்வளவு சொன்னபின், கொடி முறை எங்கே தன் இயல்பான வீட்டில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது விரைவு வரிசையாக்கத்தின் பிரிப்பு அடி. அங்கே மதிப்புகள் 0, 1, 2 அல்ல, எந்த எண்ணாகவும் எந்தச் சொல்லாகவும் இருக்கலாம். தேர்ந்தெடுத்த அச்சு உறுப்பைவிடச் சிறியது 0, சமமானது 1, பெரியது 2 என்று ஒவ்வொன்றும் ஒப்பிடும்போதுதான் வகைப்படுகிறது. "சிறியது" என்ற வகையை எண்ணி வைத்துக்கொண்டு பின்னர் எழுத முடியாது, ஏனெனில் அந்த வகைக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. நகர்த்துவது ஒன்றே வழி.

சமமானவற்றைத் தனியாகப் பிரிக்காமல் இரண்டு பகுதிகளாக மட்டும் பிரிக்கும் எளிய பிரிப்பு முறை, எல்லா உறுப்புகளும் ஒன்றாகவே உள்ள அணியில் சரிந்துவிடும். அச்சுக்குச் சமமானவை எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர, ஒவ்வொரு முறையும் ஓர் உறுப்பு மட்டுமே கழிகிறது. 1 லட்சம் சம உறுப்புகள் இருந்தால் ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடுகள் ஆகும். அதே அணியில் மூன்று பகுதிப் பிரிப்பு முதல் கடப்பிலேயே அனைத்தையும் நடுப்பகுதியில் வைத்துவிட்டு, இருபுறமும் ஒன்றும் மிச்சமில்லாமல் முடித்துவிடும். மாவட்டத்தின் பெயரைக் கொண்டு வரிசைப்படுத்துவது போல, பல பதிவுகளும் சில மதிப்புகளும் உள்ள இடங்களில் இந்த வேறுபாடு நேரடியாகத் தெரியும். நிலைத்தன்மை அங்கே முதலிலிருந்தே எதிர்பார்க்கப்படுவதில்லை, அணியின் முடிவும் தெரியும், அச்சுக்குச் சமமானவை மிகுதியாகும்போது நடுமதிப்பு இலவசம் என்பதும் சாதகமாகிறது. கொடி முறையின் குறைகள் எதுவும் குறையாக நிற்காத இடம் அது.

நேர்முகத் தேர்வில் என்ன எழுதுவது என்று கேட்போருக்கு: ஒரே கடப்பு என்று கேட்டிருந்தால் கொடி முறையையே எழுதலாம், ஆனால் உறுப்புகள் வெறும் எண்களா, பதிவுகளா என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது. அந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்து எது பொருத்தம் என்று சொல்லிவிட்டு எழுதினால், கேட்பவருக்கும் பேச ஏதாவது இருக்கும்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் சோதிப்பதற்கு ஓரிரு எடுத்துக்காட்டுகள் போதா, முன்பு கண்டது போலத் தற்செயல்கள் பிழையை மறைத்துவிடும். நல்லவேளையாக இங்கே எல்லாவற்றையுமே சோதித்துவிடலாம். எட்டு உறுப்புகள் வரையுள்ள எல்லா 0, 1, 2 அணிகளும், வெற்று அணி உட்பட, 9,841 மட்டுமே. ஒவ்வொன்றையும் `sorted` தரும் விடையோடு ஒப்பிட இமைப்பொழுது போதும். `mid < high` என்ற பிழை இரண்டு உறுப்புகளிலேயே அகப்படும். 2 வந்தபின் `mid`-ஐ நகர்த்தும் பிழை இரண்டு உறுப்பு அணிகள் அனைத்தையும் தாண்டித் தப்பி, மூன்று உறுப்புகளில் `1 2 0` அல்லது `2 1 2` வரும்போதுதான் அகப்படும். பதிவுகளை நகர்த்தும் நிரலுக்கு நிலைகள் வரிசையில் உள்ளனவா என்று பார்ப்பது மட்டும் போதாது. `one_way`-இல் `a[k] = a[p1]` என்ற வரியையும் `a[p1] = a[p0]` என்ற வரியையும் இடம் மாற்றி எழுதிவிட்டால், முதல் 2 தொலைந்துபோய் அதன் இடத்தில் ஒரே 1 இருமுறை நிற்கும். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் தனி எண் கொடுத்து, உள்ளே போன எண்கள் அனைத்தும் ஒன்று குறையாமல், ஒன்று இரட்டிக்காமல் வெளியே வந்தனவா என்றும், 0 பகுதியில் அவை ஏறுவரிசையில் உள்ளனவா என்றும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.